பதினேழு நிமிடத்தின் விலை: ஊவாத் தோட்டங்களில் தாமதமும் சம்பள வெட்டும்

ஊவாவின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை இன்றும் 'பேர்' கணக்கில்தான் ஓடுகிறது. காலைப் பிரட்டில் பெயர் விழுந்தால் ஒரு பேர். விழாவிட்டால் நாள் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் அரைப் பேர். பசறை, மடூல்சீமை, ஹப்புத்தளை, ஹாலிஎல என்று எந்தப் பக்கம் போனாலும் செக்ரோலில் இந்த மூன்று நிலைதான் பெரும்பாலும் காணக் கிடைக்கும். கைரேகை இயந்திரமும் இலத்திரனியல் தராசும் பல இடங்களுக்கு வந்துவிட்டன. அவை நிமிடத்தையும் கிராமையும் பதிகின்றன. ஆனால் அந்தப் பதிவு சம்பளமாக மாறும் இடத்தில் பழைய முழு, அரை, சூன்யம் என்ற அளவுகோலே நிற்கிறது. தாமதமாக வந்தவருக்கு எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட நாட்சம்பளமான 1,350 ரூபாயை அடிப்படையாக வைப்போம். கணக்குக்காக எட்டு மணி நேர வேலைநாள் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 168 ரூபாய் 75 சதம், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 81 சதம். அவர் பிரட்டுக்குப் பதினேழு நிமிடம் பிந்தி வருகிறார். வேலை செய்யாத நேரத்துக்கு மட்டும் வெட்டினால் 47 ரூபாய் 81 சதம் குறையும். பத்து நிமிடம் சலுகை கொடுத்து மிச்ச ஏழு நிமிடத்துக்கு வெட்டினால் 19 ரூபாய் 69 சதம். அரைப் பேர் போட்டால் 675 ரூபாய். "இன்னைக்கு வேலை இல்ல, போ" என்று திருப்பி அனுப்பினால் 1,350 ரூபாய். அதே பெண், அதே பதினேழு நிமிடம். எந்த விதியை யார் எடுத்தார் என்பதைப் பொறுத்து இழப்பு இருபது ரூபாயாகவும் இருக்கலாம், ஆயிரத்து முந்நூற்றைம்பதாகவும் இருக்கலாம்.

இதில் முதல் இரண்டும் ஒரு வகை, பின்னிரண்டும் வேறு வகை. முதல் வகை கணக்கு: செய்யாத வேலைக்குக் காசு இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது வகை தண்டம். அரைப் பேர் போடும்போது அந்தப் பெண் மிச்ச ஏழே முக்கால் மணி நேரத்தில் செய்யும் வேலையில் ஏறத்தாழப் பாதிக்குச் சம்பளம் இல்லாமல் போகிறது. தண்டம் தேவையா இல்லையா என்பது தனி வாதம். ஆனால் அதைச் சம்பளக் கணக்கு என்ற பெயரில் செக்ரோலுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்வது அதைத்தான்.

சட்டங்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்த்திருக்கின்றன. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் சம்பளக் கொடுப்பனவுச் சட்டம் இதை மிகத் தெளிவாகச் சொன்னது. வேலைக்கு வராத நேரத்துக்காக வெட்டும் தொகை, வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில் வராத நேரம் எந்த விகிதமோ அந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது என்றது அதன் 9ஆம் பிரிவு. தண்டத்துக்கு 8ஆம் பிரிவு தனியாக இருந்தது. அதற்கு முன் அறிவித்த காரணம் வேண்டும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அந்தக் காலச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2019இல் இயற்றிய சம்பளச் சட்டக்கோவையும் இதே விகித விதியை வைத்துக்கொண்டது. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடைகள், காரியாலய ஊழியர் சட்டமும், அங்கீகரிக்கப்பட்ட கழிவுகள் தவிர வேறு எதையும் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது என்ற அடித்தளத்தில் நிற்கின்றன. முதலாளி தன் இஷ்டத்துக்கு வெட்டலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அரைப் பேர் என்பது வெட்டாகவே தெரிவதில்லை. 'இன்று பாதி நாள் வேலைதான் தந்தோம்' என்ற தோற்றத்தோடு பதிவாகிறது. கழிவுப் பகுதியில் எதுவும் இருக்காது. சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொழிலாளிக்கு 22½ நாள் என்று மட்டும் தெரியும். அந்த அரை எந்த நாளில், எதற்காகப் போனது என்று தெரியாது.

கொழுந்து பறிப்பவர் விடயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பறிப்பவரின் நாளை நேரம் மட்டும் அளக்கவில்லை, கிலோவும் அளக்கிறது. தோட்டத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறினாலும், 18 கிலோ போன்ற ஒரு நாளளவு பல இடங்களில் வைக்கப்படுகிறது. அதை எட்டாவிட்டால் அரைப் பேர் என்ற பேச்சு எழுகிறது. இப்போது பதினேழு நிமிடம் பிந்தி வந்தவரைப் பாருங்கள். அவர் 18 கிலோவை நிறுவையில் காட்டிவிட்டால், பிந்திய நேரத்துக்கான வேலையையும் சேர்த்தே செய்துவிட்டார். தோட்டத்துக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அவர் 17 கிலோவோடு நின்றால் அந்தக் குறை ஏற்கனவே கிலோ கணக்கில் பிடிபடுகிறது. அதற்கு மேல் நேரத்துக்கும் வெட்டினால் ஒரே குறைக்கு இரண்டு முறை பணம் எடுப்பதாகும். ஆகவே பறிப்பவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம். கிலோ அளவு இருந்தால் தாமத வெட்டு வேண்டாம். நேர அளவு என்றால் கிலோ அளவை வைத்துப் பேரைப் பாதியாக்க வேண்டாம்.

ஊவாவில் இது இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அந்த வாசனை ஏறுகிறது. ஏலத்தில் விலையும் ஏறும். ஆனால் அதே காற்றில் கொழுந்து துளிர்ப்பது குறைந்துவிடும். முழு நேரம் நின்று பறித்தாலும் கிலோ சேராத மாதங்கள் அவை. மறுபுறம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். அப்போது தாமதத்துக்கு மழையும் மண்சரிவும் காரணமாகும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனது காலை வேளையில்தான். அதற்குப் பிறகு மழை கொட்டும் விடியலில் ஒரு தாய் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் பிரட்டுக்குக் கிளம்பத் தயங்கினால் அதைச் சோம்பல் என்று பதிய யாருக்கும் மனம் வரக் கூடாது.

தாமதத்தின் காரணங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பல தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றன. "புள்ளக் காம்பரா இன்னும் தொறக்கலங்க கங்காணி" என்பது மலையில் அடிக்கடி கேட்கும் பதில். பிள்ளைக் காம்பரா ஏழரைக்குத் திறந்து, பிரட்டும் ஏழரைக்கே என்றால், கைப்பிள்ளையோடு இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு நாளும் பிந்துவார். அங்கே சலுகை நேரத்தைக் கூட்டுவதை விடக் காம்பராவை அரை மணி நேரம் முன்னே திறப்பதுதான் தீர்வு. தூரமும் அப்படித்தான். லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு ஐந்து நிமிடம் நடப்பவருக்கும், மேற்கணக்கிலிருந்து இறங்கி வர அரை மணி நேரம் எடுப்பவருக்கும் ஒரே பத்து நிமிடச் சலுகை என்பது சமம் போலத் தெரியும், ஆனால் சமமல்ல. பிரட்டு முடிந்து மலைக்கு ஏறும் நேரம், அந்தியில் மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம் இவை எல்லாம் வேலை நேரமா என்று எந்தச் செக்ரோலும் கேட்பதில்லை. காலையில் பதினேழு நிமிடத்தை எண்ணும் தோட்டம், மாலையில் நிறுவைக்காக நாற்பது நிமிடம் காத்து நின்றதையும் எண்ண வேண்டும். அந்த நாற்பதில் பதினேழைக் கழித்தால் தோட்டம்தான் இருபத்துமூன்று நிமிடம் கடன்.

வெட்டு எங்கே மிகக் கொடூரமாகிறது என்பதை 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் காட்டியது. அதில் நாளுக்கு 620 ரூபாய் என்று பேசப்பட்டாலும் அது மூன்று துண்டாக இருந்தது. அடிப்படை 450, வருகைக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வேலைக்கு வந்தால்தான் அந்த 140 கிடைக்கும். ஒரு மாதத்தில் 25 நாள் வேலை கொடுக்கப்பட்டது என்று வைப்போம். 75 சதவீதம் என்றால் 18.75, ஆக 19 நாள் வர வேண்டும். 19 நாள் வந்தவருக்கு 19 × 620, அதாவது 11,780 ரூபாய். 18 நாள் வந்தவருக்கு 18 × 480, அதாவது 8,640 ரூபாய். வித்தியாசம் 3,140 ரூபாய். பத்தொன்பதாவது நாளில் பிந்தி வந்து திருப்பி அனுப்பப்பட்டவர், ஒரு நாள் சம்பளத்தை அல்ல, ஐந்து நாள் சம்பளத்தை இழந்தார். வேலை செய்து முடித்த பதினெட்டு நாட்களின் பணமும் பின்னோக்கிக் குறைந்தது. 2016ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் இந்த வருகைப் பகுதி 60 ரூபாயாகச் சுருங்கியது. 2019இல் அடிப்படை 700 ஆனபோது அது எடுபட்டது. தொழிலாளிகள் பல வருடம் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்து என்று கேட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். சேர்த்துச் சொல்லும் தொகை பெரிதாகத் தெரிந்தது, ஆனால் அதில் ஒரு பகுதி எப்போதும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதச் சம்பளக்காரர் பக்கம் வந்தால் பிரச்சினையின் உருவம் மாறும், உள்ளடக்கம் மாறாது. பதுளை நகரத்துக் கடைகள், காரியாலயங்கள், தோட்டத்து ஒபிஸ் எல்லாவற்றிலும் 'மூன்று லேட் என்றால் அரை நாள்' என்ற விதியைக் கேட்கலாம். 48,000 ரூபாய் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் மூன்று நாள், நாளுக்கு 12 நிமிடம் பிந்தினார் என்று வைப்போம். கடைகள், காரியாலயங்களில் மேலதிக நேரத்துக்கு மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து மணி வீதம் காண்பது வழக்கம். அதன்படி மணிக்கு 200 ரூபாய். 36 நிமிடத்துக்கு 120 ரூபாய். அரை நாள் வெட்டினால் 800 ரூபாய். மிச்ச 680 ரூபாய் தண்டம். தண்டம் அங்கேயே நிற்காது. சம்பளம் குறைந்ததாகக் காட்டினால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 சதவீதமும் அதற்கேற்பக் குறையும். 680க்கு அது 102 ரூபாய்.

வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். சம்பளச் சபையின் கீழ் வரும் பல தொழில்களில் 240க்குப் பதிலாக 200 பயன்படுகிறது. அப்போது அதே 48,000க்கு மணி வீதம் 240 ரூபாய். எந்த எண் சரி என்பதை அந்த வேலை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதே தீர்மானிக்கும். நேர்மைக்கு வேண்டியது, ஒரே ஆளுக்கு மேலதிக நேரம் கொடுக்கும்போதும் தாமதத்துக்கு வெட்டும்போதும் ஒரே எண்ணால் வகுப்பது. கொடுக்கும்போது 240 ஆலும் எடுக்கும்போது 200 ஆலும் வகுத்தால் ஒவ்வொரு மணிக்கும் 40 ரூபாய் ஊழியரின் பையிலிருந்து போகும். சம்பளப் பட்டியலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதே மாதத்தில் மேலதிக நேரமும் தாமத வெட்டும் உள்ள ஒருவரின் துண்டை எடுத்து இரண்டு மணி வீதத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டால் போதும்.

இனி சலுகை நேரம். பத்து நிமிடம் என்று தினமும் கொடுத்தால் இரண்டு மாதத்துக்குள் எட்டு மணி வேலை எட்டேகால் மணிக்கு அருகில் தொடங்கும் என்று நிர்வாகிகள் சொல்வது முற்றிலும் பொய்யல்ல. வருகைப் பதிவைத் திறந்து பார்த்தால் 8.07, 8.08, 8.09 என்று குவிந்திருக்கும், 8.11க்குப் பிறகு வெறிச்சோடியிருக்கும். நாளுக்குப் பத்து நிமிடம் 25 நாளுக்கு 250 நிமிடம், நான்கு மணி நேரத்துக்கும் மேல். அதே வேளை, ஒரு நாள் மட்டும் 12 நிமிடம் பிந்திய ஒழுங்கான ஊழியருக்கு இந்தச் சலுகை எதையும் தராது. சலுகை தேவையில்லாதவருக்கு அள்ளிக் கொடுத்து, தேவைப்பட்டவரைக் கைவிடுகிறது.

ஆகவே சலுகையை இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஐந்து நிமிடம் வரை எந்தத் தாமதமும் கணக்கிலேயே வராது. அது இயந்திரத்துக்கான இடம். நாற்பது பேர் ஒரே கைரேகை இயந்திரத்தின் முன் நின்றால், ஆளுக்கு ஆறு வினாடி என்றாலே கடைசி ஆளுக்கு நான்கு நிமிடம் போய்விடும். சுவர்க் கடிகாரமும் இயந்திரக் கடிகாரமும் ஒன்றிரண்டு நிமிடம் வேறுபடும். ஐந்துக்கு மேல் போனால் அந்தத் தாமதம் முழுதும் பதியப்பட்டு, மாதத்துக்கு 60 நிமிடம் என்ற ஒரு கையிருப்பிலிருந்து கழியும். கையிருப்பு தீர்ந்த பிறகுதான், அதுவும் மிஞ்சிய நிமிடத்துக்கு மட்டும், வெட்டு. பஸ் வராத நாள், பாதை மூடிய நாள் போன்றவை இதற்குள் வராது.

ஒரு மாதத்தை முழுதாகப் பார்ப்போம். ஹாலிஎலவிலிருந்து பதுளைக்கு வரும் ஒரு ஊழியரின் தாமதங்கள் 4, 12, 3, 25, 8, 18, 31 நிமிடங்கள். மொத்தம் 101. சலுகையே இல்லாமல் நிமிடக் கணக்கில் வெட்டினால் 336 ரூபாய் 67 சதம். 'மூன்று லேட் அரை நாள்' விதியில் ஏழு தாமதத்துக்கு இரண்டு அரை நாள், 1,600 ரூபாய். மேலே சொன்ன முறையில் 4உம் 3உம் முதலில் விழுந்துவிடும். 31 நிமிடம் பிந்திய நாளில் அதே பஸ்ஸில் வரும் மற்றவர்களும் பிந்தியிருக்கிறார்கள் என்று பதிவு காட்டுகிறது, ஆக அதுவும் விடப்படும். மிச்சம் 12, 25, 8, 18, கூட்டினால் 63. கையிருப்பு 60 போக மூன்று நிமிடம். வெட்டு 10 ரூபாய். கணினி விரிதாளில் இதற்கு இரண்டு வரி போதும். D நிரலில் தாமத நிமிடங்கள், விடப்பட்ட நாட்களுக்கு E நிரலில் X, முதல் வரி F2 கட்டத்தில்:

```
=MAX(0,SUMIFS(D2:D32,D2:D32,">5",E2:E32,"<>X")-60)
=ROUND(F2*48000/240/60,2)
```

இந்த X யார் போடுவது என்பதில்தான் விதி நிற்கும் அல்லது விழும். கங்காணியின் அல்லது மேற்பார்வையாளரின் தயவுக்கு விட்டால், தொழிற்சங்கம் மாறியவருக்கும் வாய் கொடுத்தவருக்கும் X கிடைக்காது. அதற்குப் பதில் பதிவையே பேச வைக்கலாம். ஒரே டிவிசனிலிருந்து அல்லது ஒரே பாதையில் வருபவர்களில் மூன்றில் ஒருவர் அன்று பிந்தியிருந்தால், காரணம் ஆளிடம் இல்லை என்று கொண்டு அனைவருக்கும் X. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று, பதிவு இல்லை என்பது வரவில்லை என்று பொருளாகாது. தேயிலைக் கறையும் கீறலும் காய்ப்பும் ஏறிய விரல்களை இயந்திரம் மீண்டும் மீண்டும் மறுக்கும். காலையில் பதிவில்லை, மாலையில் நிறுவைத் துண்டு இருக்கிறது என்றால் அந்தத் துண்டே வருகைச் சான்று. விடுபட்ட பதிவுகள் ஒரு சிலரின் பெயரிலேயே மாதாமாதம் வருகிறதா என்று பார்த்தால், கோளாறு விரலிலா ஆளிலா என்று உடனே தெரிந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் இந்த 60 நிமிடம் பொருந்தாது. தேயிலைத் தொழிற்சாலையில், தோட்ட மொழியில் ஸ்டோரில், வாடிய கொழுந்து ஆளுக்காகக் காத்திருக்காது. உருட்டும் அறையில் ஒருவர் இல்லாவிட்டால் அந்தத் தொகுதியே பிந்தி, புளிப்பேறும் நேரம் கூடிப்போய்த் தரம் கெடும். அங்கே சலுகை குறைவாகவே இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் கணக்கு இரு பக்கம் ஓட வேண்டும். மாற்றாள் வரும் வரை இருபது நிமிடம் கூட நின்றவருக்கு ஒன்றரை மடங்கு வீதத்தில் அந்த இருபது நிமிடம் சேர வேண்டும். பிந்தியவருக்கு இருபது நிமிடத்தை வெட்டிவிட்டு, நின்றவருக்கு 'அரை மணிக்குக் குறைந்தால் ஓவர்டைம் இல்லை' என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஒரே நிமிடம் எடுக்கும்போது எண்ணப்படுகிறது, கொடுக்கும்போது எண்ணப்படுவதில்லை. இதை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை.

மாதந்தோறும் கையிருப்பைத் தீர்த்துவிட்டு வந்து நிற்பவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டுப் பேசலாம், எழுத்தில் எச்சரிக்கலாம், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம். அதற்கெல்லாம் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கிறது, சங்கம் வரலாம், தொழில் திணைக்களம் வரை போகலாம். செக்ரோலில் போடும் அரைப் பேருக்கு அந்த வாய்ப்பு எதுவும் இல்லை.

இந்தக் கேள்வி இப்போது மீண்டும் அவசரமாகியிருக்கிறது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550ஆக உயர்த்துவதோடு, நாளுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையை அரசே தருவது என்று அறிவிக்கப்பட்டது. ஏழு ஆண்டுக்குப் பிறகு வருகை என்ற சொல் மீண்டும் சம்பளத்துக்குள் வந்திருக்கிறது. அது ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே சேருமானால் 2013இன் அந்த விளிம்பு திரும்பாது. ஆனால் அரைப் பேர் விழுந்த நாளுக்கு இருநூறா, நூறா, ஒன்றுமில்லையா? பிந்தி வந்து திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அது போய்விடுமா? பொதுப் பணத்திலிருந்து வரும் தொகை என்பதால், எந்த நேரத்துக்குள் வந்தால் வருகை, எத்தனை நிமிடம் பிந்தினால் என்ன ஆகும் என்பதைத் துரைமாரின் கையில் விடாமல் எழுத்தில் வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் மடுவத்திலும் ஒட்ட வேண்டும். சம்பளத் துண்டில் 'வெட்டிய நிமிடம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.